குடும்ப குரூப்பில் ஒரு சாட்பாட்: எப்போ பேசணும், யார்கிட்ட பேசணும்?

2024 ஏப்ரலில் நடந்தது இது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதிப் பெற்றோர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் குரூப். படிப்பில் மிகத் திறமையான, அதே சமயம் ஒரு குறைபாட்டோடும் போராடும் குழந்தையை நகரின் சிறப்புத் திறன் மாணவர் திட்டத்தில் படிக்க வைத்த அனுபவம் யாருக்காவது இருக்கா என்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் வந்தது. எனக்கும் அப்படி ஒரு குழந்தை இருக்கு, அந்தத் திட்டத்தில்தான் படிச்சிருக்கு என்றது அந்தப் பதில். எழுதியது மெட்டா நிறுவனத்தின் சாட்பாட்டான மெட்டா ஏஐ. குரூப்பில் இருந்தவர்கள் திருப்பிக் கேட்டதும், தான் ஒரு மொழி மாடல் மட்டுமே, தனக்குக் குழந்தை கிடையாது என்று அது மன்னிப்புக் கேட்டது.

ஏஐ பொய் சொல்லிடுச்சு என்றுதான் அப்போது எல்லோரும் பேசினார்கள். அந்தப் பொய்க்கு முன்னாடியே ஒரு தவறு நடந்துவிட்டது. அதைப் பலர் கவனிக்கவில்லை. அது அங்கே வாயைத் திறந்திருக்கவே கூடாது.

மெட்டா ஏஐ குரூப்புக்குள் வர அப்போது இரண்டு வழிகள் இருந்தன. யாராவது அதை டேக் செய்ய வேண்டும். அல்லது, ஒருவர் போஸ்ட்டில் கேள்வி கேட்டு, ஒரு மணி நேரம் வரை யாரும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். இதில் இரண்டாவது விதியை யோசித்துப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் கேட்டவர் தவிக்கிறார், உதவி செய்வோம் என்ற கணக்கு அது. ஆனால் கேள்வி யாரை நோக்கிக் கேட்கப்பட்டது என்று அந்த விதி பார்க்கவே இல்லை. 'அனுபவம் இருக்கிறவங்க யாராவது' என்றால் பெற்றோர்கள் மட்டும்தான். அந்த இடத்தில் பாட் பதில் சொல்ல வேண்டும் என்று தள்ளிவிட்டால், அது பெற்றோராக வேஷம் போட்டுத்தான் பேசும். வேறு எப்படிப் பேசும்?

ஆக, குரூப்பில் வைக்கப்படும் பாட்டுக்கு 'என்ன பதில்' என்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்போது பேசலாமா? பேசினால் யாரிடம்? தனியாக ஒருவரோடு பேசும் பாட்டுக்கு இந்த இரண்டுமே கிடையாது. அங்கே வரும் எல்லாமே அதற்கான கேள்விதான்.

முதல்ல பேசுறவங்களுக்கே மைக்

மனிதர்கள் எப்படி மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பதை ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1974-ல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அவர்கள் சொன்ன விதி எளிமையானது. பேசிக்கொண்டிருப்பவர் அடுத்த ஆளைத் தேர்ந்தெடுத்தால், அவர் பேசலாம். யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், முதலில் ஆரம்பிக்கிறவருக்கு வாய்ப்பு. யாருமே ஆரம்பிக்கவில்லை என்றால், பேசியவரே தொடரலாம்.

டீக்கடையில் இது அழகாக வேலை செய்யும், ஏன்னா எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகம். மெசேஜ் குரூப்பில் ஒரு பாட்டைச் சேர்த்ததும் இரண்டாவது விதி உடைந்துபோகிறது. அக்கா சமையலில் இருப்பார், மாமா பைக்கில் இருப்பார், பாட்டிக்குக் கண்ணாடி தேட வேண்டும். பாட் இரண்டே விநாடியில் பதில் போட்டுவிடும். 'முதலில் ஆரம்பிக்கிறவருக்கு வாய்ப்பு' என்றால் எப்போதும் அதற்கே வாய்ப்பு. 'யாருக்காவது நல்ல கல்யாண மண்டபம் தெரியுமா' என்று கேட்டவருக்கு, ஒரு மணி நேரத்தில் சித்தப்பா சொல்லப்போகும் பதில் வேண்டும். பாட் முந்திக்கொண்டு பத்து மண்டபங்களை அடுக்கினால் சித்தப்பா சொல்லவே மாட்டார்.

இதோடு இன்னொரு சிக்கல். இன்றைய மொழி மாடல்கள் பெரும்பாலும் இருவர் உரையாடலாகப் பயிற்சி பெற்றவை. பயனர் ஒரு வரி, உதவியாளர் ஒரு வரி, மறுபடி பயனர். குரூப்பில் ஏழு பேர் பேசினாலும், பல பாட்களில் அந்த ஏழு பேரும் 'பயனர்' என்ற ஒரே பெட்டிக்குள் போடப்படுகிறார்கள். பாட்டை உருவாக்குபவர் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் பெயரைச் சேர்க்காவிட்டால், மாடலுக்கு அது ஒரே ஆள் உளறுவது போலத்தான் தெரியும். சும்மா இருப்பதும் ஒரு பதில்தான் என்று அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பதிலை எழுதும் வேலையையும் 'பேசலாமா வேண்டாமா' என்று முடிவெடுக்கும் வேலையையும் பிரித்துவிடுகிறார்கள். முதலில் ஒரு வாசல்காவலர். அவர் 'சரி' என்றால்தான் உள்ளே இருப்பவர் பேனாவை எடுப்பார்.

தமிழில் அந்த வாசல்காவலருக்கு வேலை கொஞ்சம் கூடுதல். கேள்விக்குறி போட்டு மெசேஜ் அனுப்புகிறவர்கள் குறைவு. 'நாளைக்கு லீவா' என்பது கேள்வி. 'இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது' என்பது கேள்வி மாதிரி இருக்கும் எரிச்சல். அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முகவரியைத் தரும் பாட்டை யாரும் மன்னிக்க மாட்டார்கள். நல்ல விஷயமும் இருக்கிறது. தமிழ் வினைச்சொல்லின் முடிவிலேயே யாரிடம் பேசுகிறோம் என்பது பாதி தெரிந்துவிடும். 'வர்றியா' என்றால் கேட்பவர் நெருங்கிய ஒருவரையோ, வயதில் சின்ன ஒருவரையோ கேட்கிறார், பாட் ஒதுங்கிக்கொள்ளலாம். 'யாராவது', 'யாருக்காச்சும்' என்றால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மாட்டிக்கொள்வது 'வர்றீங்களா'வில்தான். அது மரியாதையாக ஒருவரா, பலரா என்று அந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு காலை, ஐந்து மெசேஜ்

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் சரோஜா பாட்டி, வயது 72, சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறார். மகன் முருகன் சென்னையில். அவருக்கும் சுகர் உண்டு. அவர் மனைவி வள்ளி, மகன் கவின். மகள் மாலதி இந்த வாரம் அம்மா வீட்டில் தங்கியிருக்கிறார். அவர் மகள் நிலா கோயம்புத்தூரில் அப்பாவோடு. எல்லோரும் ஒரு டெலிகிராம் குரூப்பில் இருக்கிறார்கள், கூடவே ஒரு பாட்.

காலை 8.05-க்கு மாலதி எழுதுகிறார்: 'அம்மாவுக்கு சுகர் 62 காட்டுது. கை நடுங்குதுங்கிறாங்க.' அடுத்த நொடி கவின்: 'அம்மா டிக்கெட் போட்டாச்சா'. அதன் கீழே நிலா: 'மாமா நாளைக்கு வர்றீங்களா'. பிறகு முருகன்: 'என்ன பண்ணலாம்'. கடைசியாக வள்ளி ஒரு கைகூப்பும் எமோஜி.

முருகனின் 'என்ன பண்ணலாம்' எதற்கு? வரிசைப்படி பார்த்தால் நிலாவின் கேள்விக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் முன்னால் டிக்கெட் விஷயம். உண்மையில் அவர் தன் அம்மாவின் சுகரைப் பற்றிக் கேட்கிறார். தட்டி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு மெசேஜ் புகுந்துவிட்டது. ஒரே குரூப்பில் இப்படிப் பின்னிக் கிடக்கும் பேச்சுகளைப் பிரிப்பது கணினி மொழியியலில் தனி ஆய்வுத் துறையாகவே இருக்கிறது. உபுண்டு, லினக்ஸ் பயனர்களின் சாட் அறைகளிலிருந்து எடுத்த 77,563 செய்திகளுக்கு, எது எதற்குப் பதில் என்று மனிதர்கள் கையாலேயே குறித்துக் கொடுத்த ஒரு தொகுப்பு 2019-ல் வெளியானது. அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதே இது சுலபமில்லை என்று காட்டுகிறது.

அடுத்து, 'அம்மா' யார்? மாலதி எழுதும் அம்மா சரோஜா. கவின் எழுதும் அம்மா வள்ளி. குடும்ப குரூப்பில் உறவுச் சொல் ஒரு பெயரே இல்லை. சொல்கிறவரைப் பொறுத்து ஆள் மாறும். இரண்டு வரிகளையும் ஒன்றாகப் படித்த பாட், சுகர் குறைந்தது வள்ளிக்கு என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கல்லூரி ஹாஸ்டலில் இருக்கும் கவின், 'உங்க அம்மாவுக்கு உடனே சர்க்கரை கொடுங்க' என்று ஒரு பதிலைப் பார்த்தால் என்ன ஆவான்?

மூன்றாவதுதான் முக்கியம். கேட்டது முருகன். அதனால் பாட் முருகனுக்குப் பதில் சொல்லும். அதுதான் அதன் பழக்கம். 'நீங்கள் உடனே சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினால், சர்க்கரை நோயாளியான முருகன் அதைத் தனக்கு என்றுகூட நினைக்கலாம். அவர் 600 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். பாட்டி பக்கத்தில் இருப்பது மாலதி. இங்கே கேட்டவர் ஒருவர், பதில் போய்ச் சேர வேண்டியவர் இன்னொருவர், பதில் எவரைப் பற்றியதோ அவர் மூன்றாவது ஆள். இந்த மூன்றையும் ஒரே 'நீங்கள்' சுமக்க முடியாது.

சரியான பதில் மாலதியின் மெசேஜுக்கு ரிப்ளையாக வர வேண்டும். ஏறக்குறைய இப்படி: 'சரோஜா அம்மாவுக்கு 62 என்பது குறைவு. முழிப்பா இருந்து விழுங்க முடிஞ்சா, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலந்து இப்பவே கொடுக்கணும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். 70-க்குக் கீழயே இருந்தா திரும்பக் கொடுக்கணும். மயங்கிட்டா வாயில எதுவும் கொடுக்காம 108-ஐக் கூப்பிடணும்.' சர்க்கரை நோயாளிகளுக்கு 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடத்தில் மறு சோதனை என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் முறைதான். பாட் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதை யாருக்காக, யாரிடம் சொல்கிறது என்பதில்தான் அதன் திறமை.

அந்தப் பதிலில் 'மாலதி' என்று பெயர் சொல்லி அழைக்கவில்லை என்பதையும் பார்க்கலாம். இங்கிலீஷ் பாட் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது சகஜம். தமிழ்க் குடும்பத்தில், பேரப்பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் 'சரோஜா, நீங்கள்...' என்று ஒரு மெஷின் ஆரம்பித்தால் பாட்டிக்கு முகம் சுருங்கிவிடும். அதற்காக 'பாட்டி' என்று உரிமையோடு கூப்பிடுவதும் கொஞ்சம் ஓவர். யாருக்குப் பதில் என்பதை ரிப்ளை அம்புக்குறியே காட்டிவிடுகிறது. வினைச்சொல்லில் மரியாதை இருந்தால் போதும். ஆளைக் குறிக்கும் இடத்தில் மட்டும் பெயரோடு 'அம்மா'வோ 'சார்'ரோ. ஒன்பதாவது படிக்கும் நிலாவை 'நீங்க' என்றால் அவள் சிரிப்பாள், அவ்வளவுதான். பாட்டியை 'நீ' என்றால் அந்த பாட் அன்றைக்கே வெளியே.

அதுக்காக எல்லாத்தையும் படிக்கலாமா?

இங்கேதான் உண்மையான தகராறு. 8.05 மெசேஜை யாரும் பாட்டுக்கு அனுப்பவில்லை. அதைப் பார்த்துத் தானாகப் பேச வேண்டுமென்றால், அந்த பாட் தினமும் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க வேண்டும். கடன் பேச்சு, மாமியார் புலம்பல், நிலாவின் மார்க், எல்லாம்.

டெலிகிராமில் பாட்களுக்குப் பிரைவசி மோடு என்று ஒன்று உண்டு. எதுவும் மாற்றாவிட்டால் அது ஆன் நிலையில்தான் இருக்கும். அப்போது சாய்கோடு போட்டுத் தொடங்கும் கட்டளைகளும், பாட்டின் மெசேஜுக்கு வரும் ரிப்ளைகளும்தான் அதற்குப் போகும். குடும்ப அரட்டை போகாது. வாட்ஸ்அப் குரூப்பிலும் @Meta AI என்று குறிப்பிட்டு அனுப்பும் செய்திகளையும் அதற்கான ரிப்ளைகளையும் மட்டுமே அது படிக்கும் என்கிறது அந்த நிறுவனம். இந்த ஏற்பாட்டில் 62-ஐப் பார்த்து பாட் தானாகக் குரல் கொடுக்காது.

அது பரவாயில்லை என்பதே சரியான நிலைப்பாடு. பாட்டியின் சுகரைப் பார்த்துப் பதறி போன் போட அந்தக் குரூப்பில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒரு நாள் வரும் ஒரு மெசேஜுக்காக 365 நாளும் வீட்டுப் பேச்சைத் திறந்துவைப்பது அதிக விலை. அதோடு தானாகப் பேசும் பாட் ஒரு நாள் சரியாகப் பேசும், பத்து நாள் தேவையில்லாமல் பேசும். பதினோராவது நாள் எல்லோரும் அதை மியூட் செய்திருப்பார்கள். பிறகு அது சரியாகச் சொன்னாலும் யார் பார்ப்பது?

கூப்பிட்டால் மட்டும் பேசும் பாட்டையும் சரியாகக் கூப்பிட வேண்டும். முருகன் குரூப்பின் அடியில் போய் '/udhavi என்ன பண்ணலாம்' என்று தனியாகத் தட்டினால், பாட்டுக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் கிடைக்கும். எதைப் பற்றி என்றே அதற்குத் தெரியாது. மேலே எழுதியதெல்லாம் அது பார்க்காத பேச்சு. நிறையப் பேர் 'பாட் மக்கு' என்று சலித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். அதே கட்டளையை மாலதியின் மெசேஜை அழுத்தி, அதற்கு ரிப்ளையாகத் தட்டினால், டெலிகிராம் மாலதியின் மெசேஜையும் சேர்த்தே பாட்டுக்கு அனுப்பும். ஒரே ஒரு படி மட்டும். மாலதி வேறொரு மெசேஜுக்கு ரிப்ளையாக எழுதியிருந்தால் அந்தப் பழையது வராது. ஆனால் இங்கே அந்த ஒரு படி போதும். எந்தப் பேச்சு, யாருடைய அம்மா, யார் பக்கத்தில் இருக்கிறார் என்ற மூன்றுக்கும் அந்த ரிப்ளையே குறிப்புக் கொடுத்துவிடுகிறது. மாலதியின் அம்மா பெயர் சரோஜா என்பதை மட்டும் குடும்பமே ஒருமுறை பாட்டுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

கிளாஸ் குரூப்பில் கணக்கு வேறு

கல்லூரி வகுப்புக் குரூப்பில் 'சார், அசைன்மென்ட் எப்போ சப்மிட் பண்ணணும்' என்று ஒரு மாணவர் கேட்கிறார். கேள்வி சாரை நோக்கியது. விதிப்படி பாட் சும்மா இருக்க வேண்டும். ஆனால் நான்கு வகுப்புக்கு ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில் சொல்லும் அந்த சாரைக் கேட்டால், 'தயவுசெஞ்சு அதுவே சொல்லட்டும்' என்பார். ஆக ஆசிரியர் முன்கூட்டியே ஒப்படைத்த விஷயங்களில், அதாவது தேதி, அறை எண், போர்ஷன் ஆகியவற்றில் பாட் உடனே பேசலாம். அவர் பிறகு வந்து 'தேதி தள்ளிப்போட்டாச்சு' என்றால், பாட்டின் பழைய பதில் குரூப்பில் தப்பாக நிற்கும். அதைத் திருத்தும் வேலையும் பாட்டுடையதுதான்.

பாட சந்தேகம் வேறு ரகம். இங்கே பாட் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்து பெஞ்ச் மாணவி விளக்கினால் இரண்டு பேர் கற்றுக்கொள்கிறார்கள். பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா என்பதை வகுப்பே முடிவு செய்யலாம். நேரம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பதிலை அனுப்பிவிடக் கூடாது. நடுவில் யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா, ஆசிரியர் எழுதியிருக்கிறாரா என்று மறுபடி பார்க்க வேண்டும். மன்ஹாட்டன் கதையில் இருந்த ஒரு மணி நேர விதிக்குக் காத்திருக்கத் தெரிந்தது. கேள்வி தனக்கானதா என்று கேட்கத் தெரியவில்லை.

ஒரு மாணவர் தப்பான பதில் சொல்லிவிட்டால்? 'கார்த்திக் சொன்னது தவறு' என்று அறுபது பேர் முன்னால் ஒரு பாட் எழுதினால், கார்த்திக் அந்த செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். கேள்வி கேட்டவரின் மெசேஜுக்கு ரிப்ளையாகச் சரியான விடையைப் போட்டால் வேலை முடிந்தது.

மார்க், ஃபீஸ் பாக்கி போன்றவை குரூப்பில் வரவே கூடாது, தனியாகத்தான் சொல்ல வேண்டும். இதில் ஒரு தடை இருக்கிறது. டெலிகிராமில் ஒரு பாட் தானாகப் போய் ஒருவருக்குத் தனி மெசேஜ் அனுப்ப முடியாது. அவர் முதலில் பாட்டின் சாட்டைத் திறந்து ஸ்டார்ட் கொடுத்திருக்க வேண்டும். இது தெரியாமல் செய்த பாட்கள், தனி மெசேஜ் போகவில்லை என்றதும் அதே தகவலைக் குரூப்பிலேயே கொட்டிவிடும். அப்படி ஒரு மாற்று வழியை வைக்கவே கூடாது. 'இதைத் தனி சாட்டில் கேளுங்க' என்பதோடு குரூப்பில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்க குரூப் பாட் எதைப் பார்க்குது?

டெலிகிராமில் குரூப்பின் உறுப்பினர் பட்டியலைத் திறந்தால், பாட்டின் பெயருக்குக் கீழேயே அதற்கு மெசேஜ்களைப் பார்க்கும் அனுமதி இருக்கிறதா இல்லையா என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பாட்டை உருவாக்கியவர் BotFather-இல் /setprivacy கொடுத்து இதை மாற்றலாம். மாற்றிய பிறகு பாட்டைக் குரூப்பிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். வாட்ஸ்அப்பில் 2025 ஏப்ரலில் வந்த அட்வான்ஸ்டு சாட் பிரைவசியை ஆன் செய்தால், அந்தக் குரூப்பின் செய்திகளை ஏஐ வசதிகளுக்குப் பயன்படுத்துவது தடைபடும்.

பலரும் கோட்டை விடுவது வேறொரு இடத்தில். மெசேஜைப் பின் செய்யணும், ஸ்பாமை அழிக்கணும் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக யாராவது பாட்டைக் குரூப் அட்மின் ஆக்கிவிடுவார்கள். அட்மினான பாட்டுக்குப் பிரைவசி மோடு பொருந்தாது. செட்டிங்கில் ஆன் என்றே இருந்தாலும், குரூப்பில் வரும் ஒவ்வொரு வரியும் அதற்குப் போய்க்கொண்டிருக்கும்.